‘நாகரிகமாகப் பதிவிடவும்’ என்பது ஒரு விதியா?

எங்க ஊர் கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்துல சிறுவாபுரி முருகன் கோயில் இருக்கு. ஆறு செவ்வாய்க்கிழமை தொடர்ந்து வந்து விளக்குப் போட்டா சொந்த வீடு அமையும்னு ஒரு நம்பிக்கை. அதனால செவ்வாய்க்கிழமைன்னா சென்னையிலிருந்து கூட்டம் நெடுஞ்சாலையை நிறைச்சுடும். இந்த மாதிரி கோயில்களைப் பற்றி பக்தர்களே நடத்துற யூடியூப் சேனல்கள் நிறைய உண்டு. கோயில் மட்டுமில்ல, ஜெபக்கூட்டம், மார்க்கச் சொற்பொழிவு எல்லாத்துக்கும் சேனல் உண்டு. வீடியோவைவிட அதுக்குக் கீழே வர்ற கருத்துகளைத்தான் நான் அதிகம் படிப்பேன். கொஞ்ச நாளாகவே ஒரு விஷயம் உறுத்திக்கொண்டிருக்கிறது, அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

பெரும்பாலான ஆன்மீக சேனல்களில் ஒரு அறிவிப்பு இருக்கும். வார்த்தைகள் கொஞ்சம் மாறினாலும் சாரம் இதுதான்: ‘நாகரிகமாகப் பதிவிடவும். பிறர் மனம் புண்படும்படியான கருத்துகள் நீக்கப்படும்.’ படிக்க நல்லா இருக்கு. ஆனால் இது விதியே இல்லை என்பது என் வாதம். எது நாகரிகம்னு அது சொல்லவில்லை. யார் மனம் புண்பட்டால் கணக்கு என்றும் சொல்லவில்லை. கடைசியில் சேனல் நடத்துபவருக்கு அன்றைக்குப் பிடிக்காதது நீக்கப்படும், அவ்வளவுதான்.

இதே குறை ஒரு சட்டத்துக்கே இருந்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை நினைவிருக்கிறதா? ‘தொல்லை’, ‘அசௌகரியம்’, ‘கடுமையாகப் புண்படுத்துவது’ என்ற சொற்களை வைத்து மூன்று ஆண்டு வரை சிறை என்றது அது. 2012 நவம்பரில், பால் தாக்கரே இறந்தபோது நடந்த கடையடைப்பைக் கேள்வி கேட்டு மும்பைக்கு அருகே பால்கரில் ஒரு இளம்பெண் ஃபேஸ்புக்கில் எழுதினார். இன்னொரு பெண் அதற்கு லைக் போட்டார். இரண்டு பேருமே கைது செய்யப்பட்டார்கள். அதற்குச் சில வாரங்கள் முன்புதான் புதுச்சேரியில் ஒருவர், கார்த்தி சிதம்பரம் பற்றிப் போட்ட ட்வீட்டுக்காக இதே பிரிவில் கைதாகியிருந்தார். 2015 மார்ச் 24 அன்று, ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவை ரத்து செய்தது. முக்கியக் காரணங்களில் ஒன்று, சொற்கள் தெளிவில்லாமல் இருந்தது. ஒருவருக்குத் தொல்லையாகத் தெரிவது இன்னொருவருக்குத் தெரியாது. எழுதுகிறவனுக்கும் கோடு எங்கே என்று தெரியாது, கைது செய்கிற அதிகாரிக்கும் தெரியாது.

அந்தத் தீர்ப்பில் நமக்குப் பயன்படுகிற ஒரு பகுப்பும் இருக்கிறது. ஒரு கருத்தைப் பேசுவது, அதற்காக வாதாடுவது, தூண்டிவிடுவது என்று மூன்றாகப் பிரித்தார்கள். முதல் இரண்டும் எவ்வளவு பேருக்குப் பிடிக்காமல் இருந்தாலும் கருத்துரிமைக்குள் வரும். தூண்டுதல் என்ற எல்லையைத் தொடும்போதுதான் அரசு தடுக்கலாம். சேனல் என்பது அரசு இல்லை, அதைவிடக் கடுமையாக இருக்க அதற்கு உரிமை உண்டு. ஆனால் ‘மனம் புண்படும்படி’ என்று மட்டும் எழுதி வைக்கிறவர், நீதிமன்றம் குப்பையில் போட்டதையே எடுத்துத் தன் வீட்டு வாசலில் மாட்டுகிறார்.

‘சரிப்பா, அப்போ கெட்ட வார்த்தையை எல்லாம் பட்டியல் போட்டுத் தடுத்துடலாமே?’ என்று கேட்பீர்கள். யூடியூபில் அதற்கு வசதி இருக்கிறது. யூடியூப் ஸ்டுடியோவின் அமைப்புகளில் Blocked words என்று ஒரு பெட்டி. அதில் போடும் சொற்களோடு ஒத்துப்போகும் கருத்துகள் வெளியே தெரியாமல் நிறுத்தி வைக்கப்படும். ஆங்கிலத்துக்கு இது ஓரளவு உதவும். தமிழில் மத வெறுப்பைக் கொட்டுபவர்கள் பயன்படுத்தும் சொற்களைக் கொஞ்சம் கவனியுங்கள். அதில் பெரும்பாலானவை கெட்ட வார்த்தைகளே இல்லை.

கிறிஸ்தவர்களைக் கேவலப்படுத்த ‘பாவாடை’ என்பார்கள். மதம் மாறியவர்களை ‘அரிசி மூட்டை’ என்பார்கள். இந்துத்துவ ஆதரவாளரை, சில சமயம் நெற்றியில் விபூதி வைத்த எவரையுமே, ‘சங்கி’ என்பார்கள். எங்க பக்கம் சிப்காட்டில் வேலை செய்யும் பீகார், ஒடிசா தொழிலாளர்களை ‘வடக்கன்’ என்று இழுத்துச் சொல்வார்கள். இந்த நான்கையும் பெட்டியில் போட்டுவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். சொல்லின் ஒரு பகுதி பொருந்தினாலே பிடிக்கும் வடிகட்டியாக இருந்தால் என்ன ஆகும்?

‘சங்கிலிக் கருப்பசாமி துணை’ என்று எழுதும் பக்தர் மாட்டுவார், ஏனென்றால் சங்கிலிக்குள் சங்கி இருக்கிறது. அங்காளம்மன் கோயிலில் காவலாக நிற்கும் பாவாடைராயனுக்குப் பொங்கல் வைத்த குடும்பம் மாட்டும். திருநெல்வேலிச் சீமையில் பழைய தேவாலயம் உள்ள வடக்கன்குளத்துக்காரர் தன் ஊர்ப் பெயரைச் சொன்னாலே மாட்டுவார். ‘அன்னதானத்துக்கு ரெண்டு அரிசி மூட்டை தர்றேன், யாரைப் பார்க்கணும்?’ என்று கேட்கும் புண்ணியவான் பதிலே கிடைக்காமல் போவார். அவருக்குத் தன் கேள்வி நிறுத்தி வைக்கப்பட்டது என்றுகூடத் தெரியாது.

முழுச் சொல்லாக இருந்தால் மட்டும் பிடிக்கச் சொன்னால் இதற்கு நேர் எதிரான தொல்லை. தமிழில் சொல் தனியாக நிற்பதே இல்லை. சங்கிகளா, சங்கிங்களுக்கு, சங்கிப்பயலே என்று விகுதி ஏறிக்கொண்டே போகும். போதாததற்கு ஆங்கில எழுத்தில் தமிழை எழுதுபவர்கள் ஒரே சொல்லை ஏழெட்டு விதமாக எழுதுவார்கள். அதாவது பட்டியலை இறுக்கினால் பக்தர் மாட்டுவார், தளர்த்தினால் வசைபாடுகிறவர் தப்புவார். இதிலிருந்து நான் எடுக்கும் முடிவு இது: தமிழில் சொற்பட்டியல் ஒரு கருத்தை நிறுத்தி வைக்கலாம், நீக்குவதை மனிதர்தான் முடிவு செய்ய வேண்டும். அந்த மனிதரும் உட்கார்ந்து படிக்க வேண்டும். நிறுத்தி வைத்த கருத்தை யூடியூப் 60 நாள்தான் வைத்திருக்கும். யாரும் திறந்து பார்க்காமல் விட்டால் அந்த அரிசி மூட்டைக்காரரின் கேள்வி சத்தமில்லாமல் காணாமல் போகும்.

அப்படியானால் விதி எதைப் பிடிக்க வேண்டும்? செயலை. ஒரு கற்பனை உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தைக் காட்டும் ஒரு வீடியோ. அதன் கீழே ஆறு கருத்துகள்.

முதலாவது ஒரு அம்மா எழுதியது: தன் பெயர், நட்சத்திரம், ஆறு வாரம் முடித்தும் வீடு அமையவில்லை என்ற வருத்தம், கடைசியில் கைபேசி எண். இரண்டாவது அதற்கு வந்த பதில்: ‘உங்கள் ஜாதகத்தில் தடை உள்ளது, எங்கள் குருஜியை வாட்ஸ்அப்பில் அழையுங்கள்.’ பதில் போட்டவரின் பெயரும் படமும் அப்படியே சேனலுடையதுபோல இருக்கிறது. மூன்றாவது: ‘காசு கொடுத்தவங்க நேரா போறாங்க, மூணு மணி நேரமா நிக்கிற நாங்க என்ன பாவம் பண்ணோம்? இதுக்குப் பேரு கோயிலா?’ நான்காவது: ‘வடக்கனுங்க வந்து கோயிலையே நாறடிக்கிறானுங்க, அடிச்சு விரட்டணும்.’ ஐந்தாவது: ‘கல்லைக் கும்பிட்டா வீடு கிடைக்குமா?’ ஆறாவது அந்த ஐந்தாவது ஆளுக்கு ஒரு பக்தர் கொடுத்த பதில்: ‘போடா அரிசி மூட்டை, உன்னை மாதிரி ஆளுங்களை ஊருக்குள்ளயே விடக்கூடாது.’

இரண்டாவதில் குழப்பமே இல்லை, அது வலை. இந்த ஏமாற்று எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் விதியும் தானாக வரும். ஆன்மீக சேனலின் கருத்துப்பகுதியில் மனிதர்கள் தங்கள் கஷ்டத்தை, பெயர், நட்சத்திரத்தோடு பொதுவில் வைக்கிறார்கள். ஏமாற்றுகிறவனுக்கு அதுவே போதும். சேனலின் பெயரில் ஒரு போலிக் கணக்கைத் திறந்து, பதில் போட்டு, தனிப்பேச்சுக்கு இழுத்து, பரிகாரப் பூஜைக்குப் பணம் கேட்பான். உண்மையான சேனல் உரிமையாளர் பதில் போட்டால் அவர் பெயர் தனி நிறப் பின்னணியோடு தெரியும், போலிக்கு அது இருக்காது. அந்த @ குறியோடு வரும் பெயரிலும் ஒரு எழுத்து கூடவோ குறையவோ இருக்கும். Block links என்ற வசதியைப் போட்டால் இணைப்புகள் நிற்கும். ஆனால் எண்ணுக்கு நடுவே இடைவெளி, புள்ளி, படக்குறி போட்டு எழுதினால் அது தப்பிவிடும். ஆகவே விதி இப்படி இருக்க வேண்டும்: இங்கே யாருமே கைபேசி எண் போடக்கூடாது. அந்த அம்மாவின் எண்ணும் போக வேண்டும், அவரைக் காப்பதற்காக. எண்ணை எடுத்துவிட்டு மறுபடி எழுதச் சொல்லி ஒரு வரி பதில் போட்டால் போதும்.

மூன்றாவது இருக்க வேண்டும். கோபம் இருக்கிறது, கொஞ்சம் சூடாகவும் இருக்கிறது. ஆனால் அது நிர்வாகத்தின் மீதான புகார். ‘நாகரிகமாக’ என்ற விதி உள்ள சேனல்களில் முதலில் பறப்பது இதுதான். ‘கோயிலைப் பற்றித் தப்பாப் பேசுறான்’ என்று தூக்கிவிடுவார்கள். மூன்று மணி நேரம் நின்றவரைவிடக் கோயிலுக்கு வேண்டியவர் யார்?

நான்காவது போக வேண்டும். இதில் ‘வடக்கன்’ என்ற சொல்லைவிட ‘அடிச்சு விரட்டணும்’ என்பதுதான் பிரச்சினை. அது தூண்டுதல். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவி, பீகார் அரசு அதிகாரிகள் குழுவையே இங்கே அனுப்பியது. பயந்து ரயிலேறிய தொழிலாளர்களும் உண்டு. தொழிற்பேட்டை ஊர்களில் இருப்பவர்களுக்கு அந்த வாரம் மறக்காது. அந்த மாதிரி நேரத்தில் இப்படி ஒரு வரி என்ன செய்யும் என்று விளக்க வேண்டியதில்லை.

இப்போதுதான் சிக்கல். ஐந்தும் ஆறும். சேனல் நடத்தும் பக்தரின் மனசு என்ன சொல்லும்? ஐந்தைத் தூக்கு, ஆறை விடு, நம்ம ஆளு நமக்காகப் பேசியிருக்கான். ஆனால் விதி நேர்மையானதாக இருந்தால் நேர் எதிராகத்தான் நடக்க வேண்டும். ஐந்தாவது ஒரு நம்பிக்கையைப் பற்றிய கேள்வி. எரிச்சலூட்டும், ஆனால் எந்த மனிதரையும் தாழ்த்தவில்லை, யாரையும் விரட்டச் சொல்லவில்லை. அவரே இதைப் பத்து வீடியோவில் ஒட்டிக்கொண்டு போனால், அப்போது திரும்பத் திரும்ப ஒட்டுவது என்ற செயலுக்காக நீக்கலாம். ஆறாவது ஒரு மனிதரை அவர் மதம் இதுதான் என்று ஊகித்து இழிவுபடுத்துகிறது, ஊரைவிட்டுத் தள்ளச் சொல்கிறது. அது போக வேண்டும், எழுதியவர் தினமும் ‘ஓம் சரவணபவ’ போடுகிறவராக இருந்தாலும். ஜெப சேனலில் யாராவது ‘சிலுவையைக் கும்பிட்டா நோய் தீருமா’ என்று கேட்டாலும், அதற்கு விசுவாசி ஒருவர் ‘பிசாசைக் கும்பிடுற கூட்டமே’ என்று பதில் சொன்னாலும் கணக்கு இதேதான்.

இது வெறும் நல்ல மனசு சம்பந்தப்பட்ட விஷயமில்லை. பிரான்சில் ஒருவர் இதில்தான் மாட்டினார். ஜூலியன் சான்ஷே, தேசிய முன்னணி என்ற கட்சியின் வேட்பாளர். 2011 அக்டோபர் 24 அன்று தன் ஃபேஸ்புக் சுவரில் நீம் நகரத்து அரசியல் எதிரி ஒருவரைக் கிண்டல் செய்து ஒரு பதிவு போட்டார். அந்தப் பதிவில் வெறுப்பு எதுவும் இல்லை. ஆனால் அதன் கீழே அவருடைய ஆட்கள் முஸ்லிம்களைப் பற்றிக் கேவலமாக எழுதினார்கள். பாதிக்கப்பட்டவர் நேரில் போய்க் கேட்டதும் ஒருவர் தன் கருத்தை எடுத்துவிட்டார். மற்றவை நின்றன. 27ஆம் தேதி சான்ஷே என்ன செய்தார் தெரியுமா? ‘கருத்துகளில் கவனமாக இருங்கள்’ என்று ஒரு அறிவிப்புப் போட்டார். கீழே இருந்ததை நீக்கவில்லை. மொத்தமே பதினைந்து சொச்சம் கருத்துகள்தான், படிக்க ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. அபராதம் 4,000 யூரோ, மேல்முறையீட்டில் 3,000 ஆனது. 2023 மே 15 அன்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பெரிய அமர்வு, இதில் அவருடைய கருத்துரிமை மீறப்படவில்லை என்று சொல்லிவிட்டது.

எனக்கு இந்த வழக்கில் பிடித்த இடம் அந்த 27ஆம் தேதி அறிவிப்புதான். ‘நாகரிகமாகப் பதிவிடவும்’ என்பதன் பிரெஞ்சு வடிவம் அது. அறிவிப்பு இருந்தது, அமல் இல்லை. நீக்காமல் விட்டதும் எதிராளியின் வசை இல்லை, சொந்த ஆட்களின் வசை.

பிரான்ஸ் சட்டம் இங்கே செல்லாது, உண்மைதான். இங்கே என்ன நிலை? 2021 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு ஒரு வழக்கு வந்தது. ‘கரூர் வழக்கறிஞர்கள்’ என்ற வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் போட்ட பதிவுகள் இரு சமூகங்களுக்கிடையே பகையை உண்டாக்குவதாகப் புகார். குழுவின் நிர்வாகியையும் வழக்கில் சேர்த்திருந்தார்கள். நிர்வாகி என்பதைத் தவிர அவர் வேறெதுவும் செய்யவில்லை என்றால் இறுதி அறிக்கையில் அவர் பெயரை நீக்கிவிடுங்கள் என்றது நீதிமன்றம். அதே ஆண்டு மார்ச்சில் பம்பாய் உயர்நீதிமன்றம் சொன்ன காரணத்தை அது பின்பற்றியது: வாட்ஸ்அப் நிர்வாகிக்கு ஆளைச் சேர்க்கவும் நீக்கவும்தான் அதிகாரம், ஒருவர் எழுதுவதை முன்கூட்டியே தடுக்க முடியாது.

இதைப் படித்துவிட்டு ‘அப்போ சேனல்காரனுக்குப் பொறுப்பில்லை’ என்று சிலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். எனக்கு அது தவறான வாசிப்பாகத் தெரிகிறது. அந்தக் காரணம் அதிகாரத்தின் அளவைப் பொறுத்தது. பிறர் போட்டதை எல்லோருக்கும் நீக்கும் வசதியே வாட்ஸ்அப் நிர்வாகிக்கு 2022இல்தான் வந்தது. யூடியூப் சேனல் உரிமையாளரோ கருத்தை நிறுத்தி வைக்கலாம், நீக்கலாம், பகுதியையே மூடலாம். கையில் அவ்வளவு அதிகாரம் இருப்பவர், ஆளைச் சேர்க்க மட்டும் முடிந்தவருக்குக் கிடைத்த பாதுகாப்பில் ஒதுங்க முடியாது. நான் வழக்கறிஞர் இல்லை. ஆனால் அதிகாரம் எவ்வளவோ பொறுப்பும் அவ்வளவு என்பது சட்டம் படிக்காமலே புரிகிற கணக்கு.

அதிகாரத்தைப் பயன்படுத்தும் விதத்திலும் நேர்மை தெரியும். Hide user from channel என்று ஒரு வசதி. ஒருவரை அதில் போட்டால் அவர் இனி எழுதுவது மற்றவர்களுக்குத் தெரியாது, அவருக்கு அறிவிப்பும் போகாது. போலிக் குருஜிக்கு இது சரியான மருந்து, சொல்லிவிட்டு நீக்கினால் அவன் புதுக் கணக்கோடு வருவான். ஆனால் வரிசையில் நின்று கோபப்பட்ட மனிதருக்கு இதைச் செய்தால் அவர் காற்றோடு பேசிக்கொண்டிருப்பார். அவரிடம் எந்த விதியை மீறினார் என்று ஒரு வரி சொல்ல வேண்டும். அந்த வரியைச் சொல்ல முடியவில்லை என்றால், விதி மீறப்படவில்லை, நமக்குக் கோபம் வந்திருக்கிறது என்று அர்த்தம்.

விமர்சிக்கிறவன் மாற்றையும் சொல்ல வேண்டும் இல்லையா? நான் எழுதினால் அறிவிப்பு இப்படி இருக்கும்:

ஒன்று, கைபேசி எண், இணைப்பு, பணம் கேட்பது எதுவாக இருந்தாலும் நீக்குவோம். நாங்கள் யாரையும் தனியாக அழைக்க மாட்டோம். இரண்டு, ஒருவரை அவர் மதம், சாதி, ஊர், மொழி வைத்து இழிவுபடுத்தினாலோ, அடிக்க, விரட்டச் சொன்னாலோ நீக்குவோம், எழுதியவர் எங்கள் பக்தரே ஆனாலும். மூன்று, நம்பிக்கையைப் பற்றிய கேள்வியும் நிர்வாகத்தைப் பற்றிய புகாரும் நீக்கப்படாது, அதையே திரும்பத் திரும்ப ஒட்டினால் மட்டும் நீக்குவோம். நான்கு, இரண்டாவது விதியில் நீக்கினால் காரணத்தை ஒரு வரியில் சொல்வோம், ஆட்சேபம் வந்தால் நீக்காத இன்னொருவர் பார்ப்பார்.

இதுவும் முழுமையானதில்லை. இரண்டு பேர் வேலைக்குப் போய்க்கொண்டே நடத்தும் சேனலில் தைப்பூசத்தன்று ஆயிரம் கருத்து வந்தால் நான்காவது விதி மூச்சுவாங்கும். அந்த மாதிரி நாளில் எல்லாக் கருத்தையும் நிறுத்தி வைத்து, ‘நாளைக்குப் படித்து வெளியிடுவோம்’ என்று மேலே ஒரு வரி எழுதிவிடுவது மேல். பாதி படித்து, பாதி விட்டு, படித்ததில் நமக்குப் பிடிக்காததை மட்டும் தூக்குவதுதான் மோசம்.

உங்களுக்குத் தெரிந்த எந்தச் சேனலையும் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. அவர்கள் எதை நீக்கினார்கள் என்று வெளியிலிருந்து பார்க்க முடியாது. எதை விட்டு வைத்திருக்கிறார்கள் என்று பார்க்கலாம். சொந்த ஆட்கள் அடுத்த மதத்தாரை வசைபாடிய வரிகள் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கிறதா, கட்டண வரிசையைப் பற்றி ஒரு புகார்கூட இல்லையா? அந்தச் சேனலின் உண்மையான விதி என்ன என்று அப்போதே தெரிந்துவிடும், மேலே என்ன எழுதி மாட்டியிருந்தாலும்.